முதலில் ஒப்புகையைக் காட்டுங்கள்

கேள்வி: வாய்க்கால் ஆக்கிரமிப்பை 12 வாரத்தில் அகற்றும்படி ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டு 4 மாதம் ஆகிறது. அதிகாரி அசையவில்லை. அவமதிப்பு வழக்குப் போடலாமா? (வாசகர், பாபநாசம்)

பதில்: தாமிரபரணி தானாகக் கடலுக்குப் போகும், உத்தரவு தானாக அதிகாரியின் மேசைக்குப் போகாது! இத்தகைய உத்தரவுகளில் பெரும்பாலும் ‘நகல் கிடைத்த நாளிலிருந்து’ என்று ஒரு வரி இருக்கும். அப்படியானால் கெடு தீர்ப்பு நாளில் தொடங்குவதில்லை. சான்றிட்ட நகலை, ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்பியிருக்க வேண்டும். அந்த ஒப்புகையிலுள்ள கையெழுத்தும் தேதியும்தான், அதிகாரிக்கு உத்தரவு தெரியும் என்பதற்குச் சாட்சி.

அடுத்தது மீறல். அந்தத் தேதியிலிருந்து எண்ணிய கெடு முடிந்த பிறகும் ஆக்கிரமிப்பு அப்படியே நிற்பதைத் தேதியுள்ள புகைப்படம் காட்டும். ஆனால் அந்த மீறல் வேண்டுமென்றே செய்ததா? நில அளவை பாக்கி, வேறொரு கோர்ட்டின் தடை என்று அதிகாரி ஆவணம் காட்டினால் வழக்கு தள்ளாடும்.

உத்தரவு ‘மனுவைப் பரிசீலியுங்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்னும் சிக்கல். பரிசீலித்து நிராகரித்துவிட்டால் அதுவும் கீழ்ப்படிந்ததாகவே ஆகும். அந்த நிராகரிப்பை எதிர்த்துப் புதிய வழக்குத்தான் போட வேண்டும்.

மீறல் நடந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தண்டனை 6 மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம்: மரஅறுவை ஆலைகள் பற்றிய தன் உத்தரவை மீறி அனுமதி கொடுத்ததற்காக, மகாராஷ்டிர அமைச்சர் ஒருவருக்கும் அதிகாரிக்கும் 2006-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு மாதச் சிறை விதித்தது.