அத்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள அத்தை,

பந்தியில் இலை போட்டதுமே "எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்கிறீர்கள். நாம் சாப்பிட உட்கார்ந்திருப்பதே கல்யாணச் சாப்பாட்டுக்குத்தான். ஆடியில் கேட்டால் "ஆவணி வரட்டும்", மார்கழியில் கேட்டால் "தை பிறக்கட்டும்" என்பேன். மற்ற மாதங்களைக் குருபலன் பார்த்துக்கொண்டது. இனி பஞ்சாங்கத்தைத் தொந்தரவு செய்யாமல் நேரே சொல்கிறேன்: இப்போது கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று சட்டம் குறைந்தபட்ச வயதைத்தான் சொல்கிறது. கடைசித் தேதி எதுவும் குறிக்கவில்லை. (அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.)

தரகரிடம் கொடுத்த ஜாதகத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மனம் மாறினால், குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை உங்களுக்குத்தான். அதுவரை உங்கள் முழங்கால் வலியைப் பற்றி எவ்வளவு நேரமானாலும் பேசுவோம். இந்தக் கேள்வி மட்டும் வேண்டாம், அத்தை.