எல்லாமே கிடைக்கும், தம்பி

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை பெர்லினில் நண்பர் வீட்டில் சாப்பாடு. சேலத்திலிருந்து மேற்படிப்புக்காக வந்து இறங்கியிருந்த பையன் ஒருவன், தட்டை ஏந்தியபடி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணா, இங்க கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் எங்க வாங்குறது?" இங்கேயே பல காலமாகக் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், ரசத்தை உறிஞ்சி முடித்துவிட்டு, "எல்லாமே கிடைக்கும், தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுத்த கரண்டி ரசத்துக்குப் போய்விட்டார்.

எங்கே கிடைக்கும்? எந்தத் தெரு? எந்தக் கிழமை? அதெல்லாம் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவர் மனமிரங்கி, "துருக்கிக் கடைக்குப் போங்க" என்று சேர்த்துச் சொன்னார். பெர்லினில் துருக்கிக் கடைக்குப் போ என்பது மதுரையில் டீக்கடைக்குப் போ என்பது மாதிரி. 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. வந்தவர்கள் தங்கினார்கள், தங்கியவர்கள் கடை போட்டார்கள். இன்று சில தெருக்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தக்காளிதான்.

ஆகவே நானே சொல்கிறேன்.

முதலில் மைபாக் ஊஃபர் சந்தை. கால்வாய்க்கரை ஓரமாக, செவ்வாயும் வெள்ளியும் கூடும். காலையில் போனால் காய் நன்றாக இருக்கும்; கடை கட்டும் நேரத்தில் போனால் விலை நன்றாக இருக்கும். மாலையில் பெட்டியோடு தள்ளிவிடுவார்கள். மேல்வரிசைத் தக்காளி சிரிக்கும், அடிவரிசை அழும். பெட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

சேலத்துப் பையன் செவ்வாய்க்கிழமையே போய்விட்டான். "கொத்தமல்லி கிடைச்சிருச்சுண்ணா, ஒரு கட்டு இவ்ளோ பெருசு!" என்று படம் அனுப்பினான். படத்தில் இருந்தது பார்ஸ்லி. துருக்கிக்காரர்கள் மைதனோஸ் என்பார்கள். அதே தண்டு, அதே ரப்பர் பேண்ட். ஆனால் இலை கரும்பச்சையாக, கொஞ்சம் விறைப்பாக, நுனி கூராக இருக்கும். கொத்தமல்லி இலை மெலிசு, வெளிர்பச்சை, ஓரம் உருண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் சந்தேகமே வராது. "கிஷ்னிஷ்" என்று கேட்டால் துருக்கிக் கடைக்காரருக்குப் புரியும்.

பச்சை மிளகாயிலும் இதே கூத்து. அங்கே சாண் நீளத்துக்குக் கிடக்கும் பச்சை மிளகாய் வெறும் காய்தான், பொரியல் செய்யலாம். காரம் வேண்டுமென்றால் லிக்டன்பெர்க்கில் இருக்கும் டோங் சுவான் சென்டருக்குப் போக வேண்டும். கிழக்கு ஜெர்மனி காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த வியட்நாமியர்கள் அந்தப் பக்கம் வேர்விட்டார்கள். குட்டி மிளகாய், கட்டிப் புளி, உறைந்த முருங்கைக்காய் எல்லாம் அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த இடத்துக்கு விடுமுறை. சந்தை கூடும் அதே செவ்வாய். ஒரே நாளில் கொத்தமல்லியும் மிளகாயும் வாங்கிச் சட்னி அரைக்க நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ரவைக்கு மட்டும் எங்கும் அலைய வேண்டாம், எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கும். இரண்டு வகை இருப்பதுதான் வம்பு. வெள்ளையாக இருப்பது வைஷ்வைட்சன் கிரீஸ், பால் விட்டுக் கஞ்சி காய்ச்சுவதற்கானது. அதில் உப்புமா கிண்டினால் சுவரொட்டி ஒட்டலாம். லேசாக மஞ்சள் தட்டியிருப்பது ஹார்ட்வைட்சன் கிரீஸ், கடினக் கோதுமை. வறுத்துக் கொட்டினால் உதிரியாக வரும்.

இனி கறிவேப்பிலை.

ஊரில் அது காய்கறிக்காரம்மா சும்மா பைக்குள் திணித்த பொருள். தட்டில் ஒதுக்கி ஒதுக்கி வைத்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது அந்தஸ்து. ஒரு வீட்டின் வசதியை அறிய வேண்டுமா? சோபாவைப் பார்க்காதீர்கள், ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். ஒரு டப்பா கறிவேப்பிலை இருந்தால் நடுத்தர வர்க்கம். இரண்டு டப்பா இருந்தால் அண்மையில் யாரோ லண்டன் போய்வந்திருக்கிறார்கள். இந்தியக் கடைக்குச் சரக்கு வரும் நாள் தெரிந்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. கூடப் பிறந்தவர்களிடமும் சொல்வதில்லை. கேட்டால், அதே பதில்: "கிடைக்கும் கிடைக்கும்." எப்போதும் ரசம் உறிஞ்சும் அந்தப் பெரியவர் வீட்டில் தாளிப்பில் எண்ணி நான்கு இலை. விருந்தாளி ஒருவர் அதில் ஒன்றை ஒதுக்கி வைத்தபோது வீட்டு அம்மாளின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பிறகு அந்த இலையை விருந்தாளி தின்றுவிட்டார்.

ஊரிலிருந்து கொண்டுவரலாமே என்பீர்கள். 2019 டிசம்பர் 14 முதல், வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரும் பச்சைக் காய்கறி, பழம், இலை தழைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு: அன்னாசி, தேங்காய், முள்நாறி, வாழைப்பழம், பேரீச்சை. யார் இந்தப் பட்டியலைப் போட்டார்களோ, சென்னையிலிருந்து முள்நாறிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறும் மனிதரை அவர்கள் எங்கேயோ சந்தித்திருக்க வேண்டும். சட்டத்தில் நியாயம் இருக்கிறது என்பதையும் முணுமுணுப்போடு ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குத் தீராத நோயைப் பரப்பும் ஒரு குட்டிப் பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடியும் வீடுதான். ஸ்பெயின்காரனின் தோப்பு போய்விடக் கூடாது, சரி. என் ரசம் போனால் பரவாயில்லையா?

கிடைத்ததைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். இலையை உருவிக் கழுவி, துணியில் விரித்து ஈரம் சுத்தமாகப் போன பிறகே டப்பாவில் போட்டு உறைய வையுங்கள். ஈரம் இருந்தால் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும், எண்ணெயில் போட்டால் முகத்துக்கு நேராக வெடிக்கும். எடுத்து வெளியே வைத்து இளக விட்டால் கறுத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக வாணலிக்குப் போக வேண்டும். காய்ந்த கறிவேப்பிலை என்று பாக்கெட்டில் விற்பதை வாங்காதீர்கள். அது பழைய செய்தித்தாள்.

பையனுக்கு இவ்வளவையும் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, ஞாயித்துக்கிழமை ஃப்ரீதான், எல்லாக் கடைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பெர்லினில் கடைகளுக்கு விடுமுறை. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும். அங்கே பார்ஸ்லி கிடைக்கும்.