ஒரு பெட்டி மட்டும் ஊமையா?
வீட்டு ஒலிக்கருவிகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஹோம் தியேட்டர் ரிசீவரில் டிவிடி பேசுகிறது, எஃப்எம் பாடுகிறது. டிஷ் பெட்டிக்கு மட்டும் படம் வருகிறது, சத்தம் இல்லை. “ஆம்ப் எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார் திருத்துபவர். மாற்றவா? (உக்குவெல வாசகி)

மாற்ற வேண்டாம், அக்கா. உங்கள் ரிசீவரில் எல்லாப் பெட்டிக்கும் ஆம்ப் ஒன்றுதான், ஸ்பீக்கரும் அதே ஸ்பீக்கர்தான். ஆம்ப் எரிந்திருந்தால் எஃப்எம் எப்படிப் பாடும்? ஒன்று மட்டும் ஊமை என்றால் கோளாறு அந்த ஒன்றிலிருந்து வரும் பாதையில் இருக்கிறது. எல்லாமே ஊமை என்றால்தான் பொதுப்பாதையைத் தேட வேண்டும். இந்த ஒரு வரியை ரிசீவர் மேல் ஒட்டி வையுங்கள்.

இனிப் பாதையில் நடப்போம். முதலில் டிஷ் பெட்டியின் சொந்த ரிமோட்டை எடுத்து, அதன் சத்தத்தை முழுதாகக் கூட்டுங்கள். பல பெட்டிகளில் அந்த அளவு HDMI வழியாகப் போகும் ஒலியையும் குறைத்துவிடும். அது சரியென்றால் ரிசீவரில் டிஷ் உள்ளீட்டைத் தேர்ந்து, அமைப்புப் பட்டியலில் Input Mode என்ற இடத்தைப் பாருங்கள். சிலவற்றில் அதற்கு Audio In என்றோ Input Assign என்றோ பெயர். அங்கே Analog என்றிருந்தால் திருடன் அகப்பட்டான்.

நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் ஒரு விவரம்தான் எனக்கு வழிகாட்டியது. முன்பு இந்தப் பெட்டி சிவப்பு-வெள்ளை வயரில் இருந்தது, போன மாதம்தான் HDMI வயருக்கு மாற்றினீர்கள். வயர் மாறியது, அமைப்பு மாறவில்லை. படம் புது வாசலால் உள்ளே வந்துவிட்டது. ஒலிக்காக ரிசீவர் இன்னும் பழைய வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்கிறது. Auto என்று மாற்றுங்கள். அப்போது எந்த வாசலால் ஒலி வருகிறதோ அதை ரிசீவர் தானே எடுத்துக்கொள்ளும். Input Assign பட்டியலாக இருந்தால், டிஷ் பெயருக்கு எதிரே அந்த HDMI துளையின் எண் இருக்க வேண்டும்.

கேள்வி: டிவியிலேயே யூடியூப் போட்டால் ரிசீவரில் சத்தம் இல்லை. டிஷ் பார்த்தால் இருக்கிறது. ஏன்? (மாத்தளை நகர வாசகர்)

டிஷ்ஷின் ஒலி ரிசீவரைத் தாண்டித்தான் டிவிக்குப் போகிறது. யூடியூப் டிவிக்குள்ளேயே பிறக்கிறது, தம்பி. அது திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குப் பெயர் ARC. 2009இல் வந்த HDMI 1.4 இலிருந்து அது உண்டு.

டிவியில் ARC என்று எழுதிய துளையும், ரிசீவரில் ARC என்று எழுதிய வெளியீட்டுத் துளையும் ஒரே வயரால் இணைந்திருக்க வேண்டும். டிவியில் எத்தனை துளை இருந்தாலும் பொதுவாக ஒன்றுதான் இந்த வேலை செய்யும். இரண்டு கருவியிலும் HDMI Control இயங்க வேண்டும். கடைசியாக ரிசீவரில் TV அல்லது TV Audio என்ற உள்ளீட்டைத் தேருங்கள். பலர் வயரைச் சரியாகப் போட்டுவிட்டு இந்தக் கடைசிப் பொத்தானைத்தான் மறக்கிறார்கள். டிவியில் ARC இல்லையென்றால் ஒரு ஆப்டிகல் வயர் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: திடீரென்று எல்லாமே ஊமை! நேற்று இரவு நன்றாக இருந்தது. (ரத்தோட்டை வாசகர்)

எல்லாமே என்றால் பொதுப்பாதை. மூன்று இடம் பாருங்கள். முகப்பில் MUTE சிமிட்டுகிறதா? சத்தத்தைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் அது விலகும். ஹெட்போன் குத்தியிருக்கிறதா? குத்தியிருந்தால் ஸ்பீக்கர்கள் வாயை மூடிவிடும். SPEAKERS என்ற பொத்தான் இருந்தால் அது A, B, A+B, அணைப்பு என்று சுற்றி வரும். வீட்டு ஸ்பீக்கர்கள் A துளைகளில் இருக்க, பிள்ளைகள் விளையாட்டில் B க்குத் திருப்பியிருந்தால் மின்சாரம் ஆளில்லாத துளைக்குப் போகிறது. முகப்பில் A என்ற எழுத்து தெரியும்வரை அழுத்துங்கள்.

கேள்வி: விருந்தினர் விடுதி வைத்திருக்கிறேன். வராந்தா ஸ்பீக்கரை ZONE 2 இல் போட்டேன். சிடி அங்கே பாடுகிறது, டிஷ் மட்டும் பாடவில்லை. உள்ளே வரவேற்பறையில் டிஷ் நன்றாகவே கேட்கிறது. (தம்புள்ளை வாசகர்)

முதல் பதிலில் சொன்ன விதியே இங்கேயும், ஐயா. வாசல் மட்டும் வேறு. வராந்தாவில் சிடி கேட்பதால் ஸ்பீக்கரும் வயரும் நல்லவை. உள்ளே டிஷ் கேட்பதால் பெட்டியும் நல்லது. மிச்சம் இருப்பது டிஷ்ஷிலிருந்து வராந்தாவுக்குப் போகும் வழி.

பழைய ரிசீவர்கள் பலவற்றில் ZONE 2 க்குச் சிவப்பு-வெள்ளை வயரில் வரும் அனலாக் ஒலி மட்டுமே போகும். HDMI யிலும் ஆப்டிகலிலும் வரும் ஒலியை அந்தப் பக்கம் அது விடாது. உங்கள் சிடி பிளேயர் சிவப்பு-வெள்ளையில், டிஷ் HDMI யில். விடை அதிலேயே இருக்கிறது.

மருந்து மலிவு. டிஷ் பெட்டியின் AV வெளியீட்டிலிருந்து சிவப்பு-வெள்ளை வயர் ஒன்றை ரிசீவரின் அதே டிஷ் உள்ளீட்டுக்கு இழுங்கள்; HDMI வயரைக் கழற்ற வேண்டாம். Input Mode இல் Auto இருந்தால் வரவேற்பறை HDMI யை எடுக்கும், வராந்தா அனலாக்கை எடுக்கும். புதிய ரிசீவர்கள் சில HDMI ஒலியையும் ZONE 2 க்கு விடும். அவற்றிலும் வராந்தா ஊமையாக இருந்தால், டிஷ் பெட்டியின் ஒலி வெளியீட்டை PCM என்று மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ZONE 2 க்குத் தனித் தேர்வு, தனிச் சத்தம், தனி MUTE. ரிமோட்டில் MAIN, ZONE 2 என்ற சுவிட்ச் எங்கே நிற்கிறதோ அந்த அறைக்குத்தான் பொத்தான் வேலை செய்யும். வரவேற்பறையில் MUTE அழுத்தியும் சத்தம் நிற்கவில்லையென்றால், வராந்தாவை ஊமையாக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: எல்லாம் பார்த்தாயிற்று, அந்த ஒன்று இன்னும் பேசவில்லை. எப்போதுதான் கடைக்குப் போவது? (கலேவெல வாசகர்)

மூன்று மாற்றுக்குப் பிறகு, ஒவ்வொன்றாக. ஊமைப் பெட்டியின் வயரை, பேசுகிற பெட்டியின் துளைக்கு மாற்றுங்கள். பேசினால் பழைய துளையிலோ அதன் அமைப்பிலோ பழுது. பேசாவிட்டால் வேறொரு நல்ல வயரைப் போடுங்கள். அதற்கும் பேசாவிட்டால் பெட்டியை நேராக டிவியில் குத்துங்கள். அங்கேயும் ஊமை என்றால் கடைக்குப் போக வேண்டியது பெட்டி மட்டும். ரிசீவரைச் சுமக்க வேண்டாம். டிவியில் பேசி, ரிசீவரின் எல்லாத் துளையிலும் ஊமை என்றால்தான் ரிசீவரைத் தூக்குங்கள்.

பழைய துளை ஒன்று மட்டும் செத்திருந்தால், அண்மையில் இடி இடித்ததா என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி நம் பக்கம் வழக்கம். கூரையில் நிற்கும் டிஷ்ஷின் கேபிள் வழியே மின்னலின் தாக்கம் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து HDMI துளைக்கும் வரும். மழை இருட்டினால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்காதீர்கள். டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து திருகிக் கழற்றுங்கள். துளை செத்த ரிசீவரில் வேறு துளை நன்றாக இருந்தால், பெட்டியை அதற்கு மாற்றி, அந்த உள்ளீட்டின் பெயரையே தேர்ந்து பாருங்கள். திருத்தக் கூலி மிச்சம்.