மினிட்ஸில் தொலைந்த வால்

ஆபீஸ் மீட்டிங்கின் ஒலிப்பதிவை எழுத்தாக்கிச் சுருக்குபவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் மீது அலாதிப் பிரியம். "மைக்ரேஷன் ஃப்ரைடேக்குள்ள முடிச்சிடலாம் சார்... கிளையன்ட் அப்ரூவல் மட்டும் வந்துட்டா" என்று இழுக்கிறார் ஒருவர். மினிட்ஸில் அது "வெள்ளிக்கிழமைக்குள் மைக்ரேஷன் முடிக்கப்படும்" என்று கம்பீரமாக நிற்கிறது.

மைக்ரேஷன், ஃப்ரைடே, அப்ரூவல் எல்லாம் பேச்சு எதைப் பற்றி என்று மட்டும்தான் சொல்லும். மனுஷன் செய்வாரா, மாட்டாரா என்பது தமிழ் விகுதியில் இருக்கிறது. 'முடிச்சிடறேன்' என்றால் ஆள் சிக்கினார். 'முடிச்சிடலாம்' என்றால் யார் முடிப்பது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, நிபந்தனை வாக்கியத்தின் வாலில் வருகிறது. சுருக்குபவரோ அதற்குள் முற்றுப்புள்ளி வைத்தாயிற்று.

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்ற முணுமுணுப்பு "அனைவரும் ஏற்றனர்" ஆவதும் இப்படித்தான்.

ஒழுங்காக எழுதினால் இரண்டே வரி: "அப்ரூவல் வந்தால் வெள்ளிக்குள் முடிக்கலாம் என்றார். பொறுப்பு யாருக்கு என்று சொல்லவில்லை." சந்தேகமான இடத்தில் பேசியவரின் வினைச்சொல்லை அப்படியே மேற்கோளில் விட்டு, பதிவில் அது வரும் நிமிடத்தையும் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை சண்டைக்குத் தேவைப்படும்.