சாவி இரண்டு, மேலாளர் சுழியம்: ஒரு வங்கிக் கிளையை முன்வைத்து ஓர் ஆய்வு

நிர்வாகவியல் அறிஞர்கள் இன்னும் முறையாக வகைப்படுத்தாத ஓர் உயிரினம் உண்டு. சண்டை என்றால் ஆகாத மேலாளர். ஆள் தங்கமானவர். ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து மொய் எழுதுவார். லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் இரண்டு பேர் ஒரே பிரச்சினையோடு அவர் அறைக்குள் நுழைந்துவிட்டால் உடனே அவருடைய கைப்பேசி ஒலிக்கும். ஒலிக்காவிட்டாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

முன்னோர் சொன்னதைப் பார்த்துவிட்டு மேலே செல்வது ஆய்வு மரபு. அமெரிக்காவின் செஸ்டர் பர்னார்டு தொலைபேசி நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர். 1938இல் வெளிவந்த தம் நூலில், முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு நிர்வாகக் கலையே என்றார். இப்போதைக்குத் தேவையில்லாதது, காலம் கனியாதது, நடைமுறைக்கு வராதது, பிறர் எடுக்க வேண்டியது ஆகிய நான்கு வகை முடிவுகளை நிர்வாகி எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நம் மேலாளர் இந்த நான்கையும் ஏற்றுக்கொண்டு, ஐந்தாவதாக ‘மற்றவை’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். பர்னார்டுக்குப் பிறகு இத்துறையில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க பங்களிப்பு இது. வள்ளுவரோ ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்தில், செய்யக் கூடாததைச் செய்தாலும் கேடு, செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டாலும் கேடு என்கிறார். நம்மவர் முதல் பாதியோடு புத்தகத்தை மூடியவர்.

இனி கள ஆய்வு. ஒரு தாலுகா ஊரின் வங்கிக் கிளை. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். நகைக்கடன் மேசையில் கூட்டம். பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று கேஷியர் அம்மாவிடம், மற்றொன்று நகைக்கடன் அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் அது திறக்கும், மூடும். ஒரே ஆள் கையில் பணமும் நகையும் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏற்பாடு செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு ஒரு விவசாயி ஒரு ஜோடி வளையலோடு வருகிறார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும், விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், கணினியில் ஏற்ற வேண்டும், நகையைப் பையில் போட்டு முத்திரையிட வேண்டும். அதன் பிறகுதான் கவுன்ட்டரில் பணம். அதுவரை கேஷியர் கணக்கை முடிக்க முடியாது. நகைப்பை உள்ளே போகும்வரை பெட்டகத்தையும் பூட்ட முடியாது. அந்த அம்மாவுக்கு ஐந்து இருபதுக்கு பஸ்; அதை விட்டால் ஆறே முக்காலுக்குத்தான். அதிகாரிக்கோ மண்டல அலுவலகம் கொடுத்த கடன் இலக்கு. வந்தவரைத் திருப்பி அனுப்பினால் எதிர்வாடையில் இருக்கும் அடகுக் கடைக்குப் போய்விடுவார்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பே இதுதான். இலக்கு பெரிதா, பூட்டும் நேரம் பெரிதா என்பதை அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிக்கவே முடியாது. ஒருவர் மற்றவருக்கு அதிகாரி அல்ல. இலக்குக்கு மண்டலத்தில் பதில் சொல்கிறவரும் மேலாளர், கிளையின் வேலை நேரத்துக்குப் பொறுப்பானவரும் மேலாளர். எத்தனை மணிவரை நகை வாங்கலாம் என்று ஆபீஸ் ஆர்டர் புத்தகத்தில் ஒரு வரி எழுதும் பேனா அவரிடம் மட்டுமே இருக்கிறது.

அவர் சொன்னது: “ரெண்டு பேரும் சீனியர். நான் சொல்லியா தெரியணும்? நீங்களே பேசி முடிச்சுக்கங்க.”

அவர்கள் அப்படியே முடித்துக்கொண்டார்கள். கேஷியர் அம்மா மூன்று மணிக்கே “கேஷ் க்ளோஸ் பண்ணியாச்சு” என்று அறிவித்தார். மறுநாள் காலை அதிகாரி பத்து இருபதுக்கு வந்தார். இரண்டாவது சாவி இல்லாமல் பெட்டகம் திறக்கவில்லை. பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் வாசல்வரை நின்றார்கள். மேலாளர் தீர்ப்புச் சொல்லாத வழக்கில் தீர்ப்புச் சொல்லப்படாமல் இல்லை. யாரிடம் சாவி இருக்கிறதோ, யாருக்கு வீம்பு அதிகமோ, அவர் சொன்னார்.

அன்று மாலை மேலாளர் செயலில் இறங்கினார். சுற்றறிக்கை ஒன்று வந்தது: ‘ஊழியர்கள் அனைவரும் நேரந்தவறாமையைக் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இந்த ‘அனைவரும்’ நம் உயிரினத்தின் காலடித் தடம். ஆய்வாளர்கள் இதை வைத்தே அதன் நடமாட்டத்தைக் கண்டுகொள்ளலாம். கேஷியர் அம்மா அதைப் படித்து, “அவருக்கு நல்லா வேணும்” என்று கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் அதே மகிழ்ச்சியோடு போட்டார். ஒரு தவறும் செய்யாத கிளார்க் பையன் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மேலாளருக்கு வசூல் வேலை கூடிவிட்டது. மூன்றரை அடித்தால் பைக்கை எடுத்துக்கொண்டு வாராக்கடன் தேடிக் கிராமங்களுக்குப் புறப்பட்டுவிடுவார். கிளையின் நிர்வாகம் கடைநிலை ஊழியர் அண்ணாச்சியிடம் வந்து சேர்ந்தது. “சார், அம்மாவுக்கு பஸ்ஸு”, “அம்மா, ஒரே ஒரு பைதாம்மா” என்று இரண்டு மேசைக்கும் நடந்து நடந்து பெட்டகத்தை மூடவைத்தவர் அவர்தான். சம்பளப் பட்டியலில் இந்தப் பணிக்குத் தனிப் பத்தி கிடையாது.

இதை ‘அமைதி’ என்று மேலாளர் மண்டல அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அவர் பார்த்தவரை அது உண்மையும்கூட. அவர் அறைக்குப் புகார் வருவது நின்றிருந்தது. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தவர்கள் சொல்வதை நிறுத்திக்கொள்வார்கள் என்ற எளிய விளக்கம் அவருக்குத் தோன்றவில்லை. நார்வேயில் ஊழியர்கள் 2,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. தலைமை கண்டும் காணாமலும் இருக்கும் இடங்களில், யார் வேலை எது என்ற குழப்பமும் சக ஊழியர் சண்டையும் அதிகம், அவற்றின் வழியே கொடுமைப்படுத்தலும் மனவேதனையும் கூடுகின்றன என்று அது காட்டியது. அண்ணாச்சியிடம் கேட்டிருந்தால் ஒரு டீச் செலவில் முடிந்திருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒதுங்குவது எல்லா நேரமும் குற்றமல்ல. தாமஸ், கில்மன் இருவரும் 1974இல் வகுத்த, மோதலைக் கையாளும் ஐந்து வழிகளில் ஒதுங்கலும் ஒன்று. கொதித்துப்போய் இருக்கிறவர்களை அன்றைக்கே எதிரெதிரே உட்காரவைப்பதைவிட, “வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பேசலாம்” என்று அனுப்புவது புத்திசாலித்தனம். நாள் குறித்தால் அது ஒத்திவைப்பு, குறிக்காவிட்டால் ஓட்டம்.

மூன்று வருடத்தில் மேலாளருக்கு இடமாற்றம் வந்தது. பிரிவுபசார விழாவில் கேஷியரும் அதிகாரியும் ஆளுக்கொரு மூலையில் நின்று ஒரே சால்வையைப் போர்த்தினார்கள். புதிதாக வந்த அம்மையார் முதல் வாரமே இருவரையும் கூப்பிட்டு முழுதாகக் கேட்டார். இரண்டே முக்கால்வரை டோக்கன். அதன் பிறகு வரும் நகை மேலாளர் கையெழுத்தோடு மட்டும். நாலே முக்காலுக்குப் பெட்டகம் பூட்டப்படும். அதிகாரிக்குப் பிடிக்கவில்லை, அதை அம்மையாரிடமே சொன்னார். “உங்க வருத்தம் புரியுது சார், ஆனா இதுதான் ஆர்டர்” என்றார் அம்மையார். கூரை இடிந்து விழவில்லை.

எல்லாக் கிளைக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. ஆகவே இத்தகைய மேலாளரிடம் வேலை பார்க்கும் வாசகருக்கு ஆய்வாளரின் பரிந்துரை: அவரிடம் “என்ன செய்யலாம் சார்?” என்று கேட்காதீர்கள். “திங்கள் முதல் இரண்டே முக்காலுக்கு டோக்கனை நிறுத்துகிறோம், வேறு கருத்து இருந்தால் வெள்ளிக்குள் தெரிவிக்கவும்” என்று எழுதி, எதிர்த்தரப்புக்கும் ஒரு நகல் வைத்துக் கொடுங்கள். விதிமுறையைத் தொடாத விஷயங்களுக்கு மட்டும். மறுப்பதும் ஒரு சண்டைதான் என்பதால், அவர் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.