முந்தானையில் மூன்று ரூபாய்

கேள்வி: பஸ்ஸில் கண்டக்டரும் பயணியும் சில்லறைக்குச் சண்டை போடுகிறார்கள், இன்னொரு பயணி சமாதானம் செய்கிறார். இப்படி ஒரு சிறுகதை எழுதி அனுப்பினேன். 'கதை இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. சண்டை இருக்கிறது, சமாதானம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? (வானூர் வாசகர்)

சில்லறை வேண்டும். உங்கள் கதையில் சமாதானம் செய்யும் பெரியவர் எழுந்து நின்று, 'மனுஷனுக்கு மனுஷன் விட்டுக் கொடுக்கணும்ப்பா' என்று அரைப் பக்கம் பேசியிருப்பார். சரிதானே? ஓடுகிற பஸ்ஸில் அரைப் பக்கம் பேசினால் இரண்டு ஸ்டாப்பிங் போய்விடும், இறங்க வேண்டியவன் இறங்கியிருப்பான். இது கணக்குச் சண்டை. கணக்கால்தான் தீரும். அந்தப் பெரியவர் வாயைத் திறப்பதற்கு முன், அவர் சட்டைப்பையில் எத்தனை ரூபாய் நாணயம் இருந்தது என்று எழுதியிருந்தால் அது கதை.

கண்டக்டரின் பையையும் நீங்கள் திறந்து பார்க்கவில்லை. பாக்கி மூன்று ரூபாயை அவர் அமுக்கப் பார்க்கிறார் என்றுதான் பயணி நினைக்கிறான், நீங்களும் அப்படியே எழுதிவிட்டீர்கள். பாதி வழியில் செக்கிங் ஏறினால், விற்ற டிக்கெட்டுக்கும் பையிலுள்ள பணத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் அவர் கையிலிருந்து போடவேண்டும். கூடினால் இன்னும் மோசம், டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்கினாயா என்ற கேள்வி வரும். அந்த மூன்று ரூபாய் அவருக்கு வரவு இல்லை, வில்லங்கம்.

கேள்வி: குறை சொல்வது சுலபம். நீங்கள் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். (அதே வாசகர், இரண்டு வாரம் கழித்து, அதே கோபத்தோடு)

காட்டுகிறேன். மரக்காணத்திலிருந்து தெற்கே வரும் டவுன் பஸ். மத்தியான வெயில். விடியுமுன்பே உப்பளத்துக்குப் போன பெண்கள் வேலை முடிந்து திரும்புகிறார்கள். பாதத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது.

வெளியூர்க்காரர் ஒருவர் கூனிமேட்டுக்கு டிக்கெட் கேட்கிறார். ஏழு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நோட்டை நீட்டுகிறார்.

"ரெண்டு ரூவா இருந்தா குடுங்க சார், அஞ்சா தந்துடுறேன்."

"இல்லையே."

கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் 3 என்று கிறுக்குகிறார். "எறங்கும்போது வாங்கிக்குங்க."

அனுமந்தை தாண்டியதுமே வெளியூர்க்காரர் எழுந்துவிட்டார். "சார், பாக்கி."

"வரல சார். வர்ற எடத்துல தர்றேன்."

"நான் எறங்கின பொறவு எங்க வந்து தருவே? இதே வேலையா வெச்சிருக்கீங்களா?"

"இன்னாய்யா வேலை? மூணு ரூவால மாடி வூடு கட்டப் போறேனா? பையப் பாரு!" என்று பையைக் கவிழ்க்காத குறையாகக் காட்டுகிறார். உள்ளே பத்து ரூபாய் நோட்டும் ஐந்து ரூபாய் நாணயமும்தான்.

"அப்போ அஞ்சு ரூவாயா குடு."

"அந்த ரெண்டு ரூவாய உங்கப்பனா கட்டுவான்?"

அப்பா வந்துவிட்டார். இனி மூன்று ரூபாய்க்கு மதிப்பில்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஒரு பீடியைத் தேடுகிறார்.

முன் சீட்டில் இருந்த உப்பளத்து அக்கா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். மூன்று ஒற்றை ரூபாய். அதை வெளியூர்க்காரரிடம் கொடுக்கவில்லை. கண்டக்டரின் உள்ளங்கையில் வைக்கிறார்.

"இந்தா தம்பி, அவருக்குக் குடு. எனக்கு நாளைக்குத் தா. நான் எங்க போயிடப் போறேன்?"

கண்டக்டர் எண்ணிக் கொடுக்கிறார். வெளியூர்க்காரரும் எண்ணித்தான் வாங்குகிறார். விசில்.

கேள்வி: அந்த அம்மா காசை நேரே பயணியிடமே கொடுத்திருக்கலாமே? எதற்குச் சுற்றி வளைத்து? (திண்டிவனம் வாசகி)

நேரே கொடுத்தால் அது தருமம். வெளியூர்க்காரர் கூலிக்காரப் பெண்ணிடம் கை நீட்டியவர் ஆவார், கண்டக்டர் ஏமாற்றுக்காரர் என்பதும் உறுதியாகிவிடும். கண்டக்டர் கை வழியாகப் போனால் அது கடன், இரண்டு பேருக்கும் மானம் மிச்சம்.

கணக்கையும் பாருங்கள். பாக்கி தீரவே இல்லை. பையில் மூன்று ரூபாய் இன்னும் மிகுதிதான், கடன் கொடுத்தவர் மட்டும் மாறிவிட்டார். கூனிமேட்டில் இறங்கிக் காணாமல் போகிறவரிடமிருந்து, தினம் இதே வண்டியில் வருகிறவருக்குக் கடன் இடம் பெயர்ந்தது. டிக்கெட் முதுகில் எழுதிய 3 பஸ்ஸின் படியோடு செத்துப்போகும். அக்காவின் மூன்று ரூபாய் நாளைக்கும் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதனால் கண்டக்டர் அந்த அக்காவிடம் சில்லறை இருக்குமா என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. காசு வாங்காத இடத்தில் காசு கேட்க யாருக்குத் தோன்றும்?

கேள்வி: தமிழில் பெரிய எழுத்தாளர் யாராவது சில்லறையைக் கதையாக்கியிருக்கிறார்களா? (செய்யூர் வாசகர்)

கடவுளையே சில்லறையில் மாட்டிவிட்டார் புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடங்குவதே டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், பஸ் கண்டக்டரை ஏமாற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்று பிள்ளை போடும் மனக்கணக்கில்தான். பிறகு கடவுள் பிள்ளையோடு ஹோட்டலில் காப்பி சாப்பிட்டுவிட்டு, மூன்றணா பில்லுக்கு நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார். ஹோட்டல்காரருக்கு வந்திருப்பது கடவுள் என்று தெரியாது, தெரிந்திருந்தாலும் சந்தேகம் போயிருக்காது. சில்லறை மாற்றத்தான் சாப்பிட வந்தாயா என்கிற அந்தச் சந்தேகம் இன்றைக்கும் கண்டக்டர் முகத்தில் அச்சாக இருக்கிறது. வானூர் நண்பர் அதை ஒருமுறை படித்துவிட்டு, தன் கதைப் பெரியவரின் பிரசங்கத்தை அடித்துவிட வேண்டும்.

கேள்வி: பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் 'செல்லாது' என்கிறார்களே? (மரக்காணம் வாசகர்)

செல்லும். நாணயத்தின் தோற்றம் பலவிதமாக இருப்பதால் வந்த வதந்தி அது. 14 வடிவங்களில் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொல்லிவிட்டது. 25 பைசாதான் 2011 ஜூனோடு செத்தது. 50 பைசா சட்டப்படி உயிரோடு இருக்கிறது, ஆனால் கண்டக்டரிடம் நீட்டிப் பார்த்து என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: எல்லாரும் ஜீபே போட்டுவிட்டால் இந்தச் சண்டையே இருக்காதே? (சென்னை வாசகர்)

இருக்கும். 'பணம் போயிடுச்சு', 'எனக்கு வரல' என்று ஆரம்பிக்கும். அந்தச் சண்டையில் முந்தானையை அவிழ்த்துப் பயனில்லை.

கேள்வி: அக்காவுக்கு அந்த மூன்று ரூபாய் திரும்பக் கிடைத்ததா? (வானூர் வாசகர், மூன்றாம் கடிதம்)

மறுநாள் அந்தக் கண்டக்டருக்கு ஓய்வு. வந்தவர் வேறொருவர். அக்கா வாயைத் திறக்கவில்லை. பை வேறு, கணக்கு வேறு. அதற்கடுத்த நாள் படியில் கால் வைக்கும்போதே பழையவர் பார்த்துவிட்டார். பைக்குள் கையை விட்டு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு ரூவா இருக்குதாக்கா?"