சித்திரையில் மனை பார்த்த மருமகனுக்கு

வாய்யா மருமவனே. பழவேற்காட்டு ஏரியப் பாத்தாப்புல மனை பேசி முடிச்சிட்டியாமே? எந்த மாசத்துல போய்ப் பாத்த? சித்திரையா! நல்ல மாசம்யா. சித்திரையில பக்கிங்காம் கால்வாய்க்கே கல்லு நட்டு வித்துடலாம். அதனாலதான் புரோக்கர் எவனும் ஐப்பசியில வண்டி எடுத்துக்கிட்டு வரமாட்டான்.

வெள்ளம் வராதுன்னு சொன்னானா? சொல்லுவான். நீ அவனக் கேக்காத. பக்கத்து வூட்டு ஆயா கிட்ட போ. "தண்ணி வருமா"ன்னும் கேக்காத, தெருவுக்குக் கெட்ட பேரு வரும்னு அதுவும் வராதுன்னுதான் சொல்லும். "2015 டிசம்பர்ல அரிசி மூட்டைய எங்க ஏத்தி வெச்சீங்க? 2023-ல மிக்ஜாம் புயலப்ப எங்க?" இப்பிடிக் கேளு. கட்டில் மேலன்னு சொன்னா ஒரு கணக்கு, பரண் மேலன்னு சொன்னா வேற கணக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டோம்னு சொன்னா புரோக்கருக்கு ஒரு கும்புடு போட்டுட்டு பஸ் ஏறு. தண்ணி எதுவரைக்கும் நின்னுதுன்னு செவுத்துல கை வெச்சுக் காட்டச் சொல்லி, அந்த எடத்துல கரிக்கட்டையால ஒரு கோடு போட்டுக்க.

இங்க வெள்ளம் மழையால மட்டும் வர்றதில்ல. ஆந்திராவுல பிச்சாட்டூர் அணையத் தொறந்தா, அந்தத் தண்ணி ஆரணியாறு வழியா நம்ம ஏரிக்குத்தான் வரும். ஏரித் தண்ணி கடலுக்குப் போவ வேண்டியது மொகத்துவாரம் வழியா. அத மணல் வந்து அடைச்சுக்கும். அடைச்சிருக்கிற நேரத்துல ஆறும் வந்து மழையும் கொட்டுச்சுன்னா, ஏரி எங்க போவும்? உன் வூட்டுக்குத்தான். தொறந்தே இருந்தாலும் அமாவாசை, பௌர்ணமி ஓதத்துல கடல் ஏறி நிக்கறப்ப ஏரித் தண்ணி இறங்காது. அதனால வானம் வெளுத்து மூணாம் நாளும் தண்ணி நிக்கும். எவ்வளவு ஒசரம் வந்துச்சுன்னு கேட்டதோட விடாம, எத்தினி நாள் நின்னுதுன்னும் கேளு.

அடுத்தது அளவு. கொத்தனார் ஒருத்தரக் கூட்டிக்க. கண்ணாடி மாதிரி இருக்கிற டியூப்புல தண்ணி ரொப்பிக்கிட்டு வருவாரு, டியூப் லெவல்னு பேரு. உள்ள காத்துக் குமிழி இல்லாம இருந்தா ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அது ஒண்ணுதான் இந்த யாவாரத்துல பொய் சொல்லாத ஆளு. ரோட்டு நடுவ சைபர்னு வெச்சுக்க. மத்த எல்லாத்தையும் அதுல இருந்து மேலயா கீழயான்னு குறி.

உன் கணக்கையே போட்டுப் பாப்போம். ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. மனை ரோட்டுக்கு 1 அடி கீழ இருக்குதுன்னு வை. ஆயா காட்டின கோடு ரோட்டுக்கு 1¼ அடி மேல. வெள்ளத்துக்கு மேல தரை 1 அடியாவது நிக்கணும். ரோட்டுக்காரங்களும் சும்மா இருக்க மாட்டாங்க, பழைய தாரச் சொரண்டாம அது மேலயே போட்டுட்டுப் போவாங்க. அதுக்கு ஒரு ½ அடி. ஆகக்கூடி 2¾, மூணு அடின்னே வெச்சுக்க. வூட்டுத் தரை ரோட்ட விட 3 அடி ஒசரம். வாசப்படி அஞ்சாறு வரும், உன் மாமியார் மூட்டு வலின்னு திட்டும், வாங்கிக்க.

முத்தத்த ரோட்டுக்கு ½ அடி மேல தூக்கணும்னா, மொத்தம் 1½ அடி மண்ணு. 2400-ஐ 1½-ஆல பெருக்கினா 3600 கன அடி. கொட்டின மண்ணு அமுங்கும், அதனால கால்வாசி கூட்டி 4500. நூறு கன அடி ஒரு யூனிட்டு, 45 யூனிட்டு ஆச்சா? மூணு யூனிட் லாரின்னா 15 நடை. ஒரு நடை சவுடு என்ன வெலன்னு இன்னிக்கே கேட்டு, அந்தத் துட்ட மனை வெலையோட கூட்டு. சல்லிசுன்னு சொன்னியே, இப்ப சொல்லு பாப்போம்.

லாரின்னதும் ஞாபகம் வருது, அது எந்த வழியா வரும்? பாதை இருக்குதேன்னு கை நீட்டாத. வில்லேஜ் ஆபீஸ்ல அ-பதிவேடு பாரு, புலப்படம் வாங்கு. eservices.tn.gov.in-லயும் பட்டா, புலப்படம் பாக்கலாம். அந்தப் பாதை வண்டிப்பாதைன்னு இருக்குதா, இல்ல எவன் பட்டாவுலயோ ஓடுதா, இல்ல ஓடைப் புறம்போக்கா? ஓடை மேல ரோடு போட்டிருந்தா மழைக்காலத்துல ஓடை தன் பேரத் தானே ஞாபகப்படுத்தும். மெயின் ரோடு வரைக்கும் நடந்தே போ. நடுவுல ஒரே ஒரு தரைப்பாலம் முழுவினாலும் போதும், உன் வூடு மட்டும் ஒசரத்துல ஜம்முன்னு நிக்கும், நீ உள்ள மாட்டிக்குவ.

இப்ப காவாய்க்கு வா. வாசல்ல சிமெண்டு காவாய் இருக்குதுன்னு பூரிச்சுப் போயிருப்ப. அது எங்க போய் விழுதுன்னு கூடவே நடந்து பாத்தியா? பாதியில எவனாவது இறால் பண்ணைக் கரை போட்டு அடைச்சிருப்பான். அடைக்கலன்னே வெச்சுக்கயேன். வாசல்ல காவாய் அடி ரோட்டுக்கு 2 அடி கீழ. 400 அடி தள்ளிப் பக்கிங்காம் கால்வாய்ல விழுது. இருநூறு அடிக்கு ஒரு அடி சரிவு வேணும்னா, விழற எடம் ரோட்டுக்கு 4 அடி கீழ வந்துடும். கார்த்திகையில கால்வாய்த் தண்ணி ரோட்டுக்கு 1½ அடி கீழ நிக்குதுன்னா, காவாய் வாய் 2½ அடி தண்ணிக்குள்ள. உன் தண்ணி வெளிய போவாது, கால்வாய்த் தண்ணி உள்ள வரும். கூடவே மீன் குஞ்சும் வரும், அதுக்கு மட்டும் துட்டு கேக்க மாட்டாங்க. காவாய் ஆழம் எவ்வளவுன்னு மெச்சிக்காத. விழற எடத்துல மழைக்காலத் தண்ணி எவ்வளவு ஒசரம் நிக்கும்னு பாரு. கக்கூசுத் தொட்டி மூடியும் வெள்ளக் கோட்டுக்கு மேல இருக்கணும், இல்லன்னா நீ அனுப்பினது உனக்கே திரும்பி வரும்.

கடைசியா ஒரு விசயம். அந்த மனையில செம்மண் பளபளன்னு இருக்குதுன்னு சொன்னியே, ஏரிக்கரையில செம்மண்ணுக்கு என்ன வேல? எவனோ கொட்டியிருக்கான். பக்கத்து வேப்பமரத்தப் பாரு. மரம் அடியில வேர் விரிஞ்சு தெரியணும். கம்பு நட்டாப்புல நேரா மண்ணுக்குள்ள போச்சுன்னா, கழுத்து வரைக்கும் பொதைச்சிருக்காங்க. கூகுள் எர்த்துல பழைய வருசப் படத்துக்குப் போனா, உன் மனை குட்டையா இருந்த காலமும் தெரியும். அப்புறம் நாலு மூலையிலயும் நடுவுலயும் ஆள் ஒசரத்துக்குக் குழி வெட்டு. செங்கல் துண்டு, பிளாஸ்டிக் பை வந்தா அது கொட்டின மண்ணு. அதுக்குக் கீழ கருஞ்சேறும் அழுகின முட்ட நாத்தமும், மக்கின உமரிச் செடி வேரும் வந்தா, அதுதான் ஏரியோட பழைய தரை. அங்கங்க சிப்பி வந்தா இங்க அது சகஜம். ஒரு மூலையில 1 அடியும் இன்னொரு மூலையில 4 அடியும் கொட்டியிருந்தா, வூடு ஒரு பக்கமா அமுங்கி செவுத்துல சாய்வா வெடிப்பு வுடும். அஸ்திவாரம் கொட்டின மண்ணுல நிக்கக்கூடாது, அதத் தாண்டிப் போவணும். கீழ சேறுன்னா மண் பரிசோதனை பண்ணாம எஞ்சினியரு அளவு சொல்லக்கூடாது.

குழி வெட்ட வுடமாட்டேன்னு விக்கறவன் சொன்னா சந்தோசப்படு, கூலி மிச்சம். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா அட்வான்ஸ் கம்மியாக் குடுத்து, ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு பத்திரம் போடலாம்னு சொல்லிப் பாரு. நல்ல மனைக்காரன் சரின்னுவான். "வேற பார்ட்டி ரெடியா இருக்குது சார்"னு சொன்னா, அந்தப் பார்ட்டிக்கே வுட்டுக்குடு. அவரும் யாரோ ஒரு மாமனுக்கு மருமவன்தான், பாவம்.